டிவிடெண்டுக்கு முந்தின ராத்திரி

போன மாதம் கவர்டு கால் பற்றி எழுதியிருந்தேன். கையில் இருக்கும் பங்கின் மேல் கால் ஆப்ஷன் விற்று, வீட்டு வாடகை மாதிரி பிரீமியம் வாங்கிக்கொள்வது. அதற்கு வந்த மின்னஞ்சல்களில் டெக்சாஸிலிருந்து ஒரு அக்கா எழுதியதற்கு மட்டும் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. மகனின் காலேஜுக்காகப் பத்து வருஷமாகச் சேர்த்த பங்குகள். மேலே கால் விற்றிருந்தார். ஆப்ஷன் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. எக்ஸ்-டிவிடெண்ட் தேதி அன்று காலையில் கணக்கைத் திறந்தால் பங்கைக் காணோம். ஸ்ட்ரைக் விலைக்கான பணம் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. டிவிடெண்டும் கிடையாதாம். "தம்பி, முடிவு தேதிக்கு முன்னாடியே எப்படி எடுத்துக்கிட்டுப் போக முடியும்? புரோக்கர் ஏதோ குழப்பிட்டாங்களா?" என்று கேட்டிருந்தார்.

யாரும் குழப்பவில்லை அக்கா. அந்தப் பக்கம் யாரோ ஒருவர் முந்தின நாள் சாயங்காலம் ஒரு சின்னக் கணக்குப் போட்டார், அவ்வளவுதான். அந்தக் கணக்கை நாமும் போடத் தெரிந்துவைத்தால், இது எந்த நாளில் நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதலில் தேதி. ஒரு கம்பெனி டிவிடெண்ட் அறிவிக்கும்போது எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று எல்லாமே வாரக்கணக்கில் முன்னாடியே தெரிந்துவிடும். எக்ஸ்-டிவிடெண்ட் தேதி என்பது, அன்றிலிருந்து பங்கு வாங்குபவருக்கு இந்த டிவிடெண்ட் இல்லை என்ற தேதி. அமெரிக்காவில் 2024 மே 28 முதல் வியாபாரம் மறுநாளே செட்டில் ஆவதால், பொதுவாக எக்ஸ்-தேதியும் பதிவுத் தேதியும் இப்போது ஒன்றுதான். முந்தின நாள் சந்தை மூடும்வரை கையில் பங்கு இருந்தால் டிவிடெண்ட் உங்களுக்கு. மறுநாள் காலை, மற்றது எல்லாம் சமமாக இருந்தால், பங்கின் விலை ஏறக்குறைய அந்த டிவிடெண்ட் அளவுக்குக் கீழே திறக்கும். காசு கம்பெனியை விட்டு வெளியே போகிறதே, அதனால்.

கால் ஆப்ஷன் வைத்திருப்பவருக்கு இந்த டிவிடெண்ட் கிடைக்காது. அவர் பங்குதாரர் இல்லை. ஆனால் விலை இறங்கும் நஷ்டம் மட்டும் அவர் தலையில் விழும். அமெரிக்கப் பங்குகளின் மேலான ஆப்ஷன்கள் 'அமெரிக்கன்' வகை. அதாவது, முடிவு தேதி வரை எந்த நாளில் வேண்டுமானாலும் எக்ஸர்சைஸ் பண்ணலாம். அப்போ, முந்தின நாளே எக்ஸர்சைஸ் பண்ணி, பங்கை வாங்கி, டிவிடெண்டையும் எடுத்துக்கொள்ளலாமே? லாபம்தானே?

எப்போதும் இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கு.

டிவிடெண்டே தராத பங்கின் மேல் இருக்கும் கால் ஆப்ஷனை முன்கூட்டி எக்ஸர்சைஸ் பண்ணுவது எப்போதும் லாபமில்லை என்பதை ராபர்ட் மெர்ட்டன் 1973-இல் நிரூபித்தார். காரணம் இரண்டு. ஒன்று, இன்றைக்கே ஸ்ட்ரைக் பணத்தைக் கட்ட வேணும். காத்திருந்தால் அந்தப் பணம் வங்கியில் வட்டி சம்பாதிக்கும். இரண்டாவது, ஆப்ஷன் ஒரு இன்ஷூரன்ஸ். பங்கு ஸ்ட்ரைக்குக் கீழே விழுந்தால், "எனக்கு வேண்டாம்" என்று கையைக் கழுவிவிடலாம். பங்காக மாற்றிய பிறகு அந்தச் சலுகை போச்சு. ஆக, முன்கூட்டி எக்ஸர்சைஸ் பண்ணுபவர் வட்டியையும் இன்ஷூரன்ஸையும் விட்டுக்கொடுக்கிறார். பதிலுக்கு அவருக்குக் கிடைக்கக்கூடியது ஒன்றே ஒன்று, டிவிடெண்ட். எந்தப் பக்கம் கனம் என்று பார்க்க ஒரு தராசு வேணும். அந்தத் தராசுதான் பைனாமியல் மரம்.

1979-இல் காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் மூவரும் எழுதிய கட்டுரையால் பிரபலமானது இது. யோசனை ரொம்ப எளிமை. ஒவ்வொரு மாதமும் பங்கு ஒன்று ஏறும், அல்லது இறங்கும். மூன்றாவது வழி கிடையாது. அக்காவின் எண்களைச் சொல்ல முடியாது என்பதால், மனசில் போடும்படி சுலபமான எண்களை எடுத்துக்கொள்கிறேன்.

பங்கு இன்று 100 டாலர். ஸ்ட்ரைக் 90. ஆப்ஷன் முடிய மூன்று மாதம். ஒவ்வொரு மாதமும் பங்கு 10 சதவீதம் ஏறும் அல்லது 10 சதவீதம் இறங்கும். வட்டி மாதத்துக்கு 0.4 சதவீதம், வருஷத்துக்குச் சுமார் 5. இரண்டாவது மாத முடிவில் பங்குக்கு 1 டாலர் டிவிடெண்ட். முதல் இரண்டு மாத மரம் இப்படி இருக்கும். கடைசிப் பத்தியில் அம்புக்கு இடது பக்கம் இருப்பது எக்ஸ்-தேதிக்கு முந்தின நாள் விலை, வலது பக்கம் எக்ஸ்-தேதி காலை விலை.

```
              121 -> 120
       110
100            99 ->  98
        90
               81 ->  80
```

இன்னும் ஒரே ஒரு எண் வேணும். ஏறுவதற்கு 0.52, இறங்குவதற்கு 0.48 என்று எடை போடுவோம். இது பங்கு ஏறுமா இறங்குமா என்ற ஜோசியம் இல்லை. 110-ஐ 0.52-ஆலும் 90-ஐ 0.48-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100.40 வரும். 100 டாலரை வங்கியில் போட்டாலும் ஒரு மாதத்தில் அதே 100.40. பங்குக்கும் வங்கிக்கும் பாரபட்சம் வராமல் விலை போட இந்த எடைதான் சரி. ஏன் என்று முழுதாகச் சொல்லப்போனால் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டிவரும், இன்றைக்கு விட்டுவிடுகிறேன்.

இப்போது எக்ஸ்-தேதிக்கு முந்தின ராத்திரிக்குப் போவோம். பங்கு மூன்று இடங்களில் ஒன்றில் நிற்கும்.

மேல் கிளை, 121. இன்றே எக்ஸர்சைஸ் பண்ணினால் 121 கழித்தல் 90, கையில் 31 டாலர். காத்திருந்தால் நாளை காலை பங்கு 120. அடுத்த மாதம் 132 அல்லது 108. ஆப்ஷன் 42 அல்லது 18 தரும். 0.52-ஐயும் 0.48-ஐயும் போட்டு, ஒரு மாத வட்டியைக் கழித்தால் இன்றைய மதிப்பு 30.36. காத்திருப்பது 30.36, எக்ஸர்சைஸ் 31. வித்தியாசம் 64 சென்ட். இங்கே தயங்காமல் எக்ஸர்சைஸ் பண்ண வேணும்.

நடுக் கிளை, 99. இன்றே பண்ணினால் 9 டாலர். காத்திருந்தால் நாளை 98, அடுத்த மாதம் 107.80 அல்லது 88.20. ஏறினால் 17.80 கிடைக்கும், இறங்கினால் ஒன்றும் இல்லை. அதன் இன்றைய மதிப்பு 9.22. அதே 1 டாலர் டிவிடெண்ட் கண்ணெதிரே போகிறது, ஆனாலும் காத்திருப்பதுதான் சரி.

கீழ்க் கிளை, 81. ஸ்ட்ரைக்கைவிடக் குறைவு. பேச்சே இல்லை.

மேல் கிளையிலும் நடுக் கிளையிலும் டிவிடெண்ட் ஒன்றுதான், வட்டி ஒன்றுதான், மீதி நாட்களும் ஒன்றுதான். பிறகு ஏன் முடிவு மாறுகிறது? இன்ஷூரன்ஸால். மேல் கிளையில் அடுத்த மாதம் எவ்வளவு மோசமாகப் போனாலும் பங்கு 108-க்குக் கீழே வராது. 90 டாலர் இன்ஷூரன்ஸுக்கு அங்கே மதிப்பே இல்லை. நடுக் கிளையில் 88.20 வரை விழ வாய்ப்பு இருக்கு. அப்போது "வேண்டாம்" என்று சொல்ல முடிவது 1.80 டாலரைக் காப்பாற்றும். அதன் இன்றைய மதிப்பு 86 சென்ட். 90 டாலருக்கு ஒரு மாத வட்டி 36 சென்ட். சேர்த்தால் 1.22. டிவிடெண்ட் 1 டாலர். 1.22 கொடுத்து 1 வாங்குவார்களா யாராவது?

இந்த 86 சென்ட்டுக்கு சந்தையில் ஒரு பேர் இருக்கு. அதே ஸ்ட்ரைக், அதே முடிவு தேதி கொண்ட புட் ஆப்ஷனின் விலை. ஆக மொத்த விதியும் ஒரே வரி:

```
D > P + K*(1 - 1/(1+r))
```

D டிவிடெண்ட், P புட்டின் விலை, K ஸ்ட்ரைக், r மீதி நாட்களுக்கான வட்டி. இடது பக்கம் பெரிதாக இருந்தால் எக்ஸர்சைஸ். இதில் எனக்குப் பிடித்தது, மரமே தேவையில்லை என்பது. புட்டின் விலை திரையில் இருக்கு. புரோக்கரின் ஆப்ஷன் பட்டியலில் கால்கள் ஒரு பக்கம், அதே வரிசையில் எதிர்ப்பக்கம் புட்கள். நாளைய டிவிடெண்ட் இறக்கத்தையும் சந்தை அந்தப் புட் விலையில் ஏற்கெனவே சேர்த்திருக்கும். வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு, வட்டியைக் கூட்டி, டிவிடெண்டோடு ஒப்பிட்டால் போதும். ஒரு நிமிஷ வேலை.

டிவிடெண்ட் 1 டாலருக்குப் பதில் 2 டாலர் என்றால்? நடுக் கிளையில் பங்கு 97 ஆகும், அடுத்து 106.70 அல்லது 87.30. காத்திருந்தால் 8.65, எக்ஸர்சைஸ் 9. முடிவு தலைகீழாகிவிட்டது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டிவிடெண்ட் பெரிதானதும் புட்டின் விலையும் 86 சென்ட்டிலிருந்து 1.29-க்கு ஏறிவிட்டது, ஏனென்றால் பங்கு இன்னும் கீழே இருந்து தொடங்குகிறது. அதனால் ஒரு தரம் கணக்குப் போட்டுவிட்டு, டிவிடெண்டை மட்டும் மாற்றிப் பார்க்கக் கூடாது. புட்டையும் புதிதாகப் பார்க்க வேணும்.

சரி, பண்ணப்போகிறோம் என்றால் இன்னும் முன்னாடியே, முதல் மாத முடிவிலேயே பண்ணிவிடலாமா? அங்கே பங்கு 110-இல் இருந்தால் உடனே கிடைப்பது 20. காத்திருந்தால், மேலே பார்த்த 31-ஐயும் 9.22-ஐயும் பின்னோக்கிக் கொண்டுவந்து கணக்கிட்டால் 20.46. ஒரு மாதம் முன்னாடியே பண்ணுவதால் வட்டியும் இன்ஷூரன்ஸும்தான் நஷ்டம், டிவிடெண்ட் அதிகமாகக் கிடைக்கப்போவதில்லை. அதனால்தான் முன்கூட்டி எக்ஸர்சைஸ் பண்ணச் சரியான நேரம் ஒன்றே ஒன்று, எக்ஸ்-தேதிக்கு முந்தின நாள். கடைசி நிமிஷம் வரை காத்திருந்து, டிவிடெண்ட் கையை விட்டுப் போவதற்குச் சற்று முன்னால். அக்காவின் பங்கு சரியாக அந்த ராத்திரியில் போனது தற்செயல் இல்லை.

பின்னோக்கி இன்னும் ஒரு படி வந்தால் இன்றைய விலை 12.88. முன்கூட்டி எக்ஸர்சைஸ் பண்ணவே முடியாத 'ஐரோப்பியன்' வகை ஆப்ஷனாக இருந்தால் 12.71. பதினேழு சென்ட்தான் வித்தியாசம். ஆனால் 2 டாலர் டிவிடெண்டுக்குப் பாருங்கள்: அமெரிக்கன் 12.77, ஐரோப்பியன் 12.16. டிவிடெண்ட் இரட்டிப்பானதும் தப்பிக்க வழி இருக்கும் ஆப்ஷன் 11 சென்ட் மட்டும் இழந்தது, வழி இல்லாதது 55 சென்ட் இழந்தது.

நம்மில் பாதிப் பேருக்காவது கோடு தட்டுகிற வேலைதானே, அதனால் இதோ பைத்தானில்:

```python
u, d, r, p = 1.1, 0.9, 0.004, 0.52
K, D = 90, 1

def call(S, t=0):
    if t == 3:
        return max(S - K, 0)
    now = S - K
    if t == 2:
        S = S - D
    hold = (p*call(S*u, t+1) + (1-p)*call(S*d, t+1)) / (1 + r)
    return max(now, hold)

print(call(100))
```

12.88 என்று வர வேணும். இதில் உயிர்நாடி ஒரே ஒரு வரிசை: `now` என்பதை, D கழிப்பதற்கு முன்னால் கணக்கிட வேண்டும். அந்த வரியை `if t == 2`-க்குக் கீழே தள்ளிவிட்டால் நிரல் எந்தப் பிழையும் காட்டாது, சமத்தாக 12.71 என்று சொல்லும். அதாவது ஐரோப்பியன் விலை. டிவிடெண்ட் போன பிறகு எக்ஸர்சைஸ் பண்ண யாருக்கும் காரணம் இல்லையே! அமெரிக்கன் விலையும் ஐரோப்பியன் விலையும் சென்ட் பிசகாமல் ஒன்றாக வந்தால் முதலில் இந்த வரியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டிவிடெண்ட் இல்லாத மரத்தில் ஏறி இறங்கினாலும் இறங்கி ஏறினாலும் ஒரே இடத்துக்கு வரும். அதனால் கிளைகள் பெருகாது. டிவிடெண்டை டாலராகக் கழித்ததும் அந்த ஒட்டு விட்டுப்போகிறது. மேல் கிளையிலிருந்து இறங்கினால் 108, நடுக் கிளையிலிருந்து ஏறினால் 107.80. இருபது சென்ட் இடைவெளி, ஒட்டாது. மூன்று மாத மரத்தில் கடைசியில் நாலு முனைக்குப் பதில் ஆறு முனை, பரவாயில்லை. தினசரிப் படிகளாக வைத்து, நாலு டிவிடெண்டும் வந்தால் கணினி மூச்சு வாங்கும். அதற்கு வழக்கமான வழி: வரப்போகும் டிவிடெண்டின் இன்றைய மதிப்பை, இங்கே 99 சென்ட்டை, முதலிலேயே 100-இலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிடுவது. மீதி 99.01-ஐ மட்டும் ஏற்றி இறக்குவது, அந்த மரம் ஒழுங்காக ஒட்டும். எக்ஸர்சைஸ் பண்ணலாமா என்று பார்க்கும் இடத்தில் மட்டும், எக்ஸ்-தேதி வரை, ஓரமாக வைத்ததைத் திரும்பக் கூட்டிக்கொள்ள வேணும். விடையில் கொஞ்சம் வித்தியாசம் வரும், ஏனென்றால் இங்கே ஆடுவது முழுப் பங்கு இல்லை, டிவிடெண்ட் நீங்கிய மீதி மட்டும்.

இப்போது அக்கா பக்கத்துக்கு வருவோம். அவர் ஆப்ஷனை விற்றவர். எக்ஸர்சைஸ் பண்ணுவதா வேண்டாமா என்பது அவர் கையில் இல்லை. வாங்கியவர் தன் புரோக்கரிடம் சாயங்காலம் சொல்கிறார். அது ஆப்ஷன்ஸ் கிளியரிங் கார்ப்பரேஷனுக்குப் போகிறது. அவர்கள் குலுக்கல் முறையில் ஒரு புரோக்கர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர்களில் ஒருவர் தலையில் குலுக்கலிலோ, முதலில் விற்றவர் முதலில் என்ற வரிசையிலோ போடுகிறது. இதெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக நடக்கும். விற்றவருக்குத் தெரிவது மறுநாள் காலை, எக்ஸ்-தேதி பிறந்த பிறகு. அப்போது எதுவும் பண்ண முடியாது.

குலுக்கல் என்பதால் தப்பிப்பவர்களும் உண்டு. எக்ஸர்சைஸ் பண்ண வேண்டிய கால் ஆப்ஷன்களில் நிறைய அப்படியே விடப்படுகின்றன என்று வெரோனிகா பூல், ஹான்ஸ் ஸ்டோல், ராபர்ட் வேலி மூவரும் 2008-இல் வெளியான கட்டுரையில் காட்டினார்கள். நம் மேல் கிளையில் தூங்கிவிட்டவர் பங்குக்கு 64 சென்ட் இழப்பார், நூறு பங்குள்ள ஒரு கான்ட்ராக்டுக்கு 64 டாலர். அது விற்றவரின் பைக்குப் போகும். "போன தடவை ஒண்ணும் ஆகலையே" என்று விற்றவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். அது பாதுகாப்பு இல்லை, யாரோ மறந்ததால் வந்த அதிர்ஷ்டம்.

உண்மையில் அக்காவுக்கு வலித்தது டிவிடெண்ட் இல்லை. நூறு பங்குக்கு 100 டாலர், போனால் போகிறது. பங்கு கைமாறியது விற்பனைக் கணக்கில் வரும். பத்து வருஷத்துக்கு முன்னால் 30 டாலருக்கு வாங்கிய பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 90-க்குப் போனால் பங்குக்கு 60 டாலர் லாபம், வாங்கிய பிரீமியமும் அதோடு சேரும். மகன் காலேஜ் போகும் வருஷம் வரை தள்ளிப்போட நினைத்த வரி இந்த வருஷமே வந்து நிற்கிறது. சிலருக்கு அந்த ஒரு வருஷத்து வருமானம் ஏறியதால் காலேஜ் உதவித்தொகை விண்ணப்பமும் பாதிக்கும்.

தடுக்க என்ன பண்ணியிருக்கலாம்? எக்ஸ்-தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்னாடி அதே ஒரு வரிக் கணக்கு. புட் விலையும் வட்டியும் சேர்ந்து டிவிடெண்டைவிடத் தெளிவாக அதிகம் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். நெருக்கமாக இருந்தால், அல்லது குறைவாக இருந்தால், விற்ற கால் ஆப்ஷனைத் திரும்ப வாங்கிவிட்டு, வேண்டுமானால் இன்னும் தள்ளிய மாதத்தில் விற்கலாம். 121-இல் நிற்கும் பங்குக்கு அந்தக் காலைத் திரும்ப வாங்க 31 டாலருக்குக் குறையாது. பார்க்கத் திகைப்பாக இருக்கும். ஆனால் அந்த 31 எப்படியும் கொடுக்க வேண்டியதுதான், அசைன்மென்ட்டில் 121 டாலர் பங்கை 90-க்குக் கொடுப்பதும் அதே 31 தானே. திரும்ப வாங்கினால் பங்கு கையில் நிற்கும், வரி தள்ளிப்போகும், டிவிடெண்டும் வரும். இந்த மாதிரி ஆழமாக லாபத்தில் இருக்கும் ஆப்ஷன்களில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலம். அதனால் மார்க்கெட் ஆர்டர் போடாதீர்கள், லிமிட் ஆர்டர்.

தள்ளிய மாதம் ஏன் உதவுகிறது? நம் உதாரணத்தில் எக்ஸ்-தேதிக்குப் பிறகு ஒரு மாதம்தான் மீதி, 90 டாலருக்கு வட்டி 36 சென்ட். மூன்று மாதம் மீதி இருந்தால் வட்டி மட்டுமே 1.07. டிவிடெண்டையே தாண்டிவிட்டது. புட் சுத்தமாக மதிப்பில்லாமல் போனாலும், பங்கு எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், 1 டாலர் டிவிடெண்டுக்காக எக்ஸர்சைஸ் பண்ணுவது அசட்டுத்தனம். டிவிடெண்ட் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வருவதால், இந்த வட்டி விகிதத்தில் ஆப்ஷன் முடிவதற்கு முன்னால் வரும் கடைசி எக்ஸ்-தேதிதான் ஆபத்தான தேதி, முந்தையவை இல்லை. 2020, 2021-இல் இதே கணக்கு வேறு மாதிரி இருந்தது. வட்டி பூஜ்யத்தை ஒட்டி நின்றதால் தராசின் அந்தத் தட்டில் புட் மட்டும்தான் இருந்தது. பழைய பதிவுகளைப் படித்துவிட்டு "இப்படித்தான் நடக்கும்" என்று யாராவது சொன்னால், எந்த வருஷத்து வட்டி என்று கேளுங்கள்.

ஆப்ஷனை வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தராசு எக்ஸர்சைஸ் பக்கம் சாய்ந்தால், ஒரு கான்ட்ராக்டுக்கு 9,000 டாலர் ரொக்கம் வேணும். இல்லை என்றால் அன்றே ஆப்ஷனை விற்றுவிடுங்கள். 31-க்கோ அதற்கு ஓரிரு சென்ட் குறைவாகவோ யாராவது வாங்குவார்கள், அவர்கள் எக்ஸர்சைஸ் பண்ணிக்கொள்வார்கள். செய்யக் கூடாதது ஒன்றுதான், அந்த ராத்திரி சும்மா இருப்பது. எக்ஸர்சைஸ் சொல்ல ஒவ்வொரு புரோக்கருக்கும் சாயங்காலம் ஒரு கெடு நேரம் உண்டு. அதை முன்னாடியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வழக்கமான, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வரும் டிவிடெண்டுக்குத்தான். 2023 டிசம்பரில் காஸ்ட்கோ பங்குக்கு 15 டாலர் சிறப்பு டிவிடெண்ட் அறிவித்ததே, அந்த மாதிரிக்கு இல்லை. அப்படிப்பட்ட சிறப்பு டிவிடெண்டுக்கு கிளியரிங் கார்ப்பரேஷன் ஸ்ட்ரைக் விலையையே அதே அளவு குறைத்துவிடும். பங்கும் இறங்கும், ஸ்ட்ரைக்கும் இறங்கும், அவசரப்பட யாருக்கும் காரணம் இருக்காது. இந்தியாவில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் இந்த ராத்திரிப் பிரச்சினை இல்லை. அங்கே தேசியப் பங்குச் சந்தையில் தனிப்பங்கு ஆப்ஷன்கள் 2011-இலிருந்து ஐரோப்பியன் வகை, முடிவு தேதிக்கு முன்னால் யாரும் எக்ஸர்சைஸ் பண்ண முடியாது. அங்கே வாங்கும்போது நம் மரத்தின் 12.88-ஐ அல்ல, 12.71-ஐத்தான் பார்க்க வேணும்.